ஒரு கூட்டல் குறியும் கும்பகோணத்துக் கண்ணாடிக் கடையும்

நியூ ஜெர்சியில் ஒரு மூக்குக் கண்ணாடிக்குக் கொடுக்கும் பணத்தில் ஊரில் இரண்டு கண்ணாடி போட்டுவிட்டு, மிச்சத்தில் குடும்பத்தோடு நல்ல ஓட்டலில் சாப்பிடவும் செய்யலாம். அதனால் விடுமுறைக்கு ஊர் போகிறவர்கள் பலர் கண்ணாடியை அங்கேயே செய்துகொள்கிறார்கள். நான் இந்த முறை கிளம்புவதற்கு முன்பே டாக்டர் சீட்டைப் படம் எடுத்து, கும்பகோணத்தில் இருக்கும் மைத்துனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் அதைத் தெரிந்த கடைக்கு அனுப்பினார். நான் போய் இறங்கும்போது கண்ணாடி தயாராக இருக்க வேண்டும் என்பது திட்டம். சீட்டில் இருந்தது இது:

```
      SPH     CYL    AXIS
OD   -4.00   +1.50   085
OS   -3.75   +0.75   100
```

OD வலக் கண், OS இடக் கண். கடையிலிருந்து திரும்பி வந்த ஆர்டர் படிவத்தின் படத்தில் வலக் கண்ணுக்கு -4.00, -1.50, 85 என்று இருந்தது. இடக் கண்ணிலும் அதே கதை. எண்கள் அத்தனையும் சரி, குறி மட்டும் மாறியிருந்தது. சீட்டைப் பார்த்து எழுதிய பையனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவன் கைக்கு வரும் சீட்டுகளில் பெரும்பாலும் CYL என்ற சிலிண்டர் எண் மைனஸில்தான் இருக்கும். வாட்ஸ்அப் அமுக்கிச் சுருக்கிய படத்தில் கூட்டல் குறியின் நெட்டுக் கோடு மங்கிக் கிடந்தது.

அந்தக் கோடு போனால் என்ன ஆகும் என்பதற்கு, இந்த மூன்று எண்களும் கண்ணைப் பற்றிச் சொல்வதைப் பார்க்க வேண்டும். கிட்டப்பார்வை மட்டும் உள்ள கண்ணுக்கு எல்லாத் திசையிலும் ஒரே பவர் போதும். அதுதான் SPH. அஸ்டிக்மாட்டிசம் எனப்படும் பார்வைச் சிதறல் உள்ள கண்ணின் கருவிழி பெரும்பாலும் ஒரு திசையில் அதிகமாகவும் அதற்குக் குறுக்கே குறைவாகவும் வளைந்திருக்கும். ஆகவே இரண்டு திசைக்கு இரண்டு பவர் வேண்டும். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் CYL. எந்தத் திசையில் அந்த வித்தியாசம் இல்லையோ அந்தத் திசையின் கோணம் AXIS. கோணம் படுக்கைக் கோட்டிலிருந்து தொடங்கி 180 வரை போகும்.

என் வலக் கண்ணையே எடுத்துக்கொள்ளலாம். 85 பாகையில், அதாவது ஏறக்குறைய நெட்டுக்குத்தாக, எனக்கு வேண்டியது -4.00. அதற்குக் குறுக்கே, 175 பாகையில், +1.50 சேர்ந்து -2.50 ஆகிறது. கண்ணாடி இல்லாமல் பார்த்தால் ஒரு திசைக்கு 25 சென்டிமீட்டரிலும் மறு திசைக்கு 40 சென்டிமீட்டரிலும் குவியம் விழும். ஆகவே எந்தத் தூரத்தில் புத்தகத்தைப் பிடித்தாலும் எழுத்தின் ஏதோ ஒரு பக்கக் கோடுகள் கலங்கியே இருக்கும்.

இதே கண்ணை இன்னொரு விதமாகவும் எழுதலாம். -2.50-இலிருந்து தொடங்கி, நெட்டுவாக்கில் இன்னும் -1.50 வேண்டும் என்று சொல்வது அந்த முறை. அமெரிக்காவில் கண் மருத்துவர்கள் பலர் கூட்டலில் எழுதிப் பழகியவர்கள். பார்வை சோதித்துக் கண்ணாடி எழுதித் தரும் ஆப்டோமெட்ரிஸ்டுகள் பொதுவாக மைனஸில் எழுதுவார்கள். நான் போனது கண் மருத்துவரிடம். மாற்றுவதற்கு மூன்று வேலைகள்: SPH-ஐயும் CYL-ஐயும் கூட்டினால் புது SPH, CYL-இன் குறியைத் திருப்ப வேண்டும், AXIS 90 அல்லது அதற்குக் கீழே இருந்தால் 90 கூட்ட வேண்டும், மேலே இருந்தால் 90 கழிக்க வேண்டும்.

```
OD   -2.50   -1.50   175
OS   -3.00   -0.75   010
```

லென்ஸ் ஒன்றேதான், எழுத்துதான் வேறு. மூன்று எண்ணும் சேர்ந்து மாற வேண்டும் என்பதே இதில் முக்கியம். குறியை மட்டும் மாற்றிய கடைப் படிவத்தின்படி செய்திருந்தால் வலக் கண்ணில் 85 பாகைத் திசைக்குச் சரியான -4.00 கிடைத்திருக்கும், 175 பாகைத் திசைக்கு -2.50 வர வேண்டிய இடத்தில் -5.50 வந்திருக்கும். பவரை அளக்கும் டயாப்டர் கணக்கில் மூன்று டயாப்டர் தப்பு, அதுவும் ஒரே திசையில். மைனஸ் எல்லாத் திசையிலும் கொஞ்சம் கூடிவிட்டால் இளவயதுக் கண் முக்கி முனகியாவது சமாளித்துக்கொள்ளும். ஒரு திசையில் மட்டும் கூடினால் எந்த வயதுக் கண்ணாலும் முடியாது. கண் தன் பவரைக் கூட்டினால் எல்லாத் திசையிலும் சேர்த்துத்தான் கூட்டும்.

ஆர்டரை நிறுத்தச் சொல்லி மைத்துனருக்குப் போன் செய்தேன். ஊர் வந்ததும் நேரே கடைக்குப் போனேன். கடைக்காரர் வயதானவர், நெடுநாள் அனுபவம் உள்ளவர். சீட்டின் அசலைப் பார்த்ததும், "ஆஸ்பத்திரிச் சீட்டா தம்பி? பிளஸ் சிலிண்டர்" என்று சொல்லி, தாளைத் தொடாமலே மனக்கணக்கில் மாற்றிவிட்டார். பிறகு, "படத்தை நம்பாதீர்கள், போட்டிருக்கும் கண்ணாடியைக் கழற்றிக் கொடுங்கள்" என்று வாங்கி, லென்ஸின் பவரை அளக்கும் லென்ஸ்மீட்டரில் வைத்தார். சரியாகப் பார்வை தந்துகொண்டிருக்கும் பழைய கண்ணாடியை விட நல்ல சாட்சி எந்தச் சீட்டும் இல்லை. வெளியூரிலிருந்து படம் அனுப்புகிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது என்பதுதான் சங்கடம்.

சோதனைச் சட்டம் மாட்டி மறுபடியும் பார்வை பார்த்தார். வலக் கண் அப்படியே வந்தது. இடக் கண்ணில் -3.25 வந்தது, சீட்டின் கணக்கு -3.00. 0.25 என்பது இந்த அளவுகளின் ஒரு படி. ஒரே கண்ணை இரண்டு நாள் சோதித்தாலே அவ்வளவு ஏறி இறங்கும். -3.00 போட்டுத் தெருவைப் பார்க்கச் சொன்னார், எதிர்க் கடைப் பலகை தெளிவாகவே தெரிந்தது. அதையே வைத்துக்கொண்டோம்.

அவர் எழுதிக் கொடுத்த சீட்டில் இடக் கண்ணின் கோணம் 10° என்று இருந்தது. பேனாவில் போட்ட அந்தச் சிறு வட்டம் படத்தில் இன்னொரு சுழியமாகி 100 ஆகிவிடும். கோணத்தை மூன்று இலக்கமாக 010 என்று எழுதி, பாகைக் குறியை விட்டுவிடும் வழக்கம் இதற்காகத்தான். மாற்றி எழுதச் சொன்னேன், சிரித்துக்கொண்டே எழுதினார். கோணம் கொஞ்சம் பிசகினாலும் விலை உண்டு: 10 பாகை தவறினால் சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு திருத்தப்படாமல் நிற்கும், 30 பாகை தவறினால் சிலிண்டர் முழுவதுமே வீண். இரண்டு கண்ணின் கோணங்களும் பலருக்குக் கண்ணாடிப் பிம்பம் மாதிரி எதிரெதிராக அமையும்; கூட்டினால் 180-ஐ ஒட்டி வரும். எனக்கு 175-உம் 10-உம். 175-க்குப் பக்கத்தில் 100 என்று பார்த்தால் அங்கேயே சந்தேகம் வர வேண்டும். எல்லாருக்கும் இப்படி அமையாது என்பதால் சந்தேகப்பட மட்டும் இது உதவும், தீர்ப்புச் சொல்ல உதவாது.

என் அமெரிக்கச் சீட்டில் இல்லாத ஓர் அளவு, இரண்டு கண் பாப்பாக்களுக்கும் இடையே உள்ள தூரம். அங்கே சோதனை முடிந்ததும் சீட்டைக் கொடுத்தாக வேண்டும் என்று கூட்டாட்சி விதி இருக்கிறது; இந்தத் தூரத்தை அதில் எழுதித் தர வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை. கடைக்காரர் நெற்றியோரம் அளவுகோலை வைத்து ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டார்.

கண்ணாடி வந்த அன்று, போட்டுப் பார்க்கும் முன் லென்ஸ்மீட்டரில் வைத்துக் காட்டச் சொன்னேன். திரையில் வலக் கண்ணுக்கு -2.50 -1.50 175 வந்தது. "அமெரிக்கக் கணக்கிலும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கடைக்காரர் ஒரு பொத்தானை அழுத்தினார். லென்ஸ் அசையவில்லை, திரையில் -4.00 +1.50 85 என்று மாறியது.