'ஸ்லீப்பிங்'கா, 'டு ஸ்லீப்'பா?

ஆங்கில இலக்கணக் கேள்வியில் 'த டாக்டர் அட்வைஸ்டு ____ எர்லி' என்று கோடிட்டிருந்தால் விடை 'ஸ்லீப்பிங்'. கோட்டுக்கு முன் 'மீ' வந்துவிட்டால் 'டு ஸ்லீப்'. யாருக்குச் சொன்னார் என்பது வினைக்கு அடுத்து நிற்கிறதா என்பதே வேறுபாடு. 'அலவ்' வினையும் அப்படித்தான்: 'தே அலவ் பார்க்கிங்', 'தே அலவ் அஸ் டு பார்க்'. ஆனால் 'வி ஆர் அலவ்டு ____' என்றால் ஆள் முன்னே போய்விட்டார். விடை 'டு பார்க்'. பலர் சறுக்குவது இங்கேதான்.

'சஜஸ்ட்' இந்த ஜோடியில் சேராது. 'என்னைக் காத்திருக்கச் சொன்னாள்' என்ற நம் தமிழ் வாக்கியம் 'சஜஸ்டெட் மீ டு வெயிட்' என எழுதத் தூண்டும், அது தவறு. 'சஜஸ்டெட் வெயிட்டிங்' அல்லது 'சஜஸ்டெட் தட் ஐ வெயிட்' என்பதே சரி.

'எஞ்ஜாய்' குழப்பாது: எப்போதும் 'ரீடிங்', ஒருபோதும் 'டு ரீட்' இல்லை.