கறிக்குழம்புக் கறை: மூன்று சோப்பு, மூன்று சூடு

கிழிந்த வெள்ளை வேட்டி ஒன்றை மூன்றாக வெட்டி, மூன்றிலும் ஆட்டுக்கறிக் குழம்பைத் தடவி ஒரு நாள் காயவிட்டேன். வீட்டில் திட்டு விழுந்தது, அது தனிக்கதை. மதுரையில் எங்கள் பக்கம் வருவது போர் தண்ணீர்தான். கால்சியமும் மெக்னீசியமும் நிறைய உண்டு.

முதல் துண்டுக்கு, எண்ணெயும் காரமும் சேர்த்துக் காய்ச்சிய பழைய பார் சோப்பு. தேய்க்கத் தேய்க்க நுரை வரவில்லை, திரிதிரியாக வெள்ளைப் பிசுக்குதான் மிதந்தது. கறையைப் பிடிக்க வேண்டிய சோப்பைக் கால்சியம் பிடித்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும். எங்கள் தண்ணீருக்கு இது சரிப்படாது.

இரண்டாவது, விலை குறைந்த பவுடர். இதிலுள்ள சோடா, கால்சியத்தைச் சுண்ணாம்பாகப் படிய வைத்து ஒதுக்கிவிடுகிறது. அதனால் நுரைக்கும் பொருள் எண்ணெயைச் சுற்றி வளைத்துத் தண்ணீருக்குள் இழுக்க முடிகிறது. ஆனால் அந்தச் சுண்ணாம்புத் தூள் துணியிலேயே தங்கும். நாலைந்து சலவையில் வேட்டி அட்டை மாதிரி விறைத்தால் காரணம் இதுதான். எண்ணெய் போனாலும், காய்ந்து ஒட்டிய கறிச் சாறு நூலுக்குள் பழுப்பாக நின்றது.

அந்தச் சாறு புரதம். அதைத் துண்டு துண்டாக வெட்டும் புரோட்டியேஸ் என்ற என்சைம் மூன்றாவது பவுடரில் இருந்தது. கூடவே சியோலைட்டும் உண்டு. அது கால்சியத்தைத் தனக்குள் வாங்கிக்கொண்டு சோடியத்தை வெளியே விடும், அதனால் விறைப்பு குறைவு. என்னைக் கேட்டால், கூடுதல் காசு கொடுக்கத் தகுந்தது இதற்குத்தான்.

ஆனால் அதே பவுடரையும் சூடு கெடுத்துவிடும். பச்சைத் தண்ணீரில் என்சைம் மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆட்டுக்கொழுப்பும் உறைந்தே கிடக்கும். கொதிநீரை நேராகப் பவுடர் மேல் ஊற்றினாலோ என்சைம் உருக்குலைந்து செத்துவிடும், கறிச் சாறும் முட்டை வெந்த மாதிரி இறுகி நூலைப் பிடித்துக்கொள்ளும். (ரத்தக்கறையை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசச் சொல்வதும் இதனால்தான்.) நடுவிலுள்ள 40 டிகிரிதான் தோது. கொழுப்பு இளகும், என்சைமும் சுறுசுறுப்பாக இருக்கும்.

தெர்மாமீட்டர் வேண்டாம். 30 டிகிரிக் குழாய்த் தண்ணீர் ஐந்து செம்புக்கு ஒரு செம்பு கொதிநீர் கலந்தால் ஏறக்குறைய 42 வரும். முதலில் தண்ணீரைக் கலந்து, அப்புறம் பவுடரைப் போட்டு அரை மணி நேரம் ஊற வைக்க வேண்டும். சித்திரை மாத மத்தியானம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீருக்கு இந்த வேலையும் வேண்டாம், அதுவே வெதுவெதுப்பாகத்தான் இறங்குகிறது. பட்டு வேட்டியை மட்டும் இதில் போடாதீர்கள். பட்டும் புரதம்தான், என்சைம் அதையும் அரிக்கும்.

மூன்றாவது துண்டில் கடைசியில் மிஞ்சியது மஞ்சள் மட்டும். சோடாக் காரம் பட்டதும் அது சிவந்து பயமுறுத்தியது, அலசியதும் மறுபடி மஞ்சளானது. இந்த என்சைமுக்கு மஞ்சளிடம் வேலையில்லை. ஈரத்தோடு கொடியில் போட்டேன், மீதியை வெயில் பார்த்துக்கொண்டது.