மாசாமாசம் வேற வேற வருமானம், வீட்டுக்கு மட்டும் ஒரே சம்பளம்: மூணு ஆடி பார்த்த அனுபவம்

நான் கடலூர்ல கல்யாண போட்டோகிராபர், திருப்பாப்புலியூர் பக்கம்தான் வீடு. எங்க தொழில் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், வைகாசி ஆவணி தைன்னா திருவந்திபுரம் கோயில்ல ஒரே காலையில ரெண்டு பார்ட்டிக்கு ஓடணும், ஆடி வந்தா கேமரா பையில தூசி படியும், மார்கழியும் அதே கதைதான். தையில கையில காசு இருக்கும்போது பிரியாணி, டிரெஸ், ஆடியில பொண்டாட்டி கம்மல் அடகுக்கடைக்குப் போகும். பத்து வருஷம் அப்படித்தான் ஓடுச்சு.

2023 ஜூன் கடைசியில ஆரம்பிச்ச முறை இதுதான். ரெண்டு பேங்க் கணக்கு. ஆர்டர் காசு எல்லாம் ஒண்ணுல விழணும், அதுக்கு யுபிஐ கிடையாது, ஏடிஎம் கார்டு பீரோவுல பொண்டாட்டிகிட்ட. அதுலேர்ந்து ஒண்ணாந்தேதி ஒரே தொகை வீட்டுக் கணக்குக்குப் போகும், ஆட்டோமேட்டிக்கா போற மாதிரி ஆப்லயே போட்டு வச்சிருக்கேன். மளிகை, கரண்ட் பில், இஎம்ஐ எல்லாம் வீட்டுக் கணக்குலதான். முதல் கணக்க நாங்க வீட்ல உண்டியல்னு சொல்றோம், ரெண்டாவதுல விழுறதுக்குப் பேரு சம்பளம்.

கேட்க ஈஸியா இருக்குல்ல, எனக்கு ரெண்டாவது மாசமே கவுந்துடுச்சு. ஏன்னா சம்பளம் எவ்ளோன்னு முடிவு பண்றதுல கோட்டை விட்டேன். அதுக்கு முன்னாடி 12 மாசம் கையில நின்ன காச எழுதினேன். கையில நின்னதுன்னா, ஆர்டர் 45,000ன்னா வீடியோ பையனுக்கு 7,000, உதவிக்கு வர்றவனுக்கு 5,000, ஆல்பம் பிரிண்டுக்கு 8,000, பெட்ரோல் பென்டிரைவ்னு 2,000, இதெல்லாம் போக மிச்சம் 23,000தான் நம்ம காசு. 45,000த்த வருமானம்னு எழுதுறவன் ரெண்டே மாசத்துல தெருவுக்கு வந்துடுவான்.

அப்படி எழுதினது ஜூலைலேர்ந்து இது, ஆயிரத்துல: 14, 9, 41, 17, 36, 12, 10, 52, 18, 31, 46, 38. கூட்டினா 3,24,000. 12ஆல வகுத்தா 27,000. சரி அப்ப சம்பளம் 27,000ன்னு வச்சுட்டேன், உண்டியல்ல அப்ப 20,000 இருந்துச்சு, போதும்னு நெனச்சேன். அந்த ஆடியும் ஏறக்குறைய அதே மாதிரிதான் வந்துச்சு. ஜூலையில 14 வந்து 27 போச்சு, மிச்சம் 7. ஆகஸ்ட்ல 9 வந்துச்சு, 27 போடணும், 11,000 துண்டு விழுது. மறுபடியும் கம்மல்தான். அன்னிக்கு அவ பார்த்த பார்வை இருக்கே, விடுங்க.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி நோட்ட எடுத்து வச்சு அதே 12 நம்பர்ல சம்பளத்தக் கழிச்சுக்கிட்டே மாசாமாசம் கீழ கீழ எழுதினேன், அப்பதான் விஷயமே புரிஞ்சது. 27,000 எடுத்தா ஜூலையில மைனஸ் 13, ஆகஸ்ட்ல மைனஸ் 31, செப்டம்பர்ல கொஞ்சம் ஏறி மைனஸ் 17, அப்புறம் 27, 18, 33ன்னு போயி ஜனவரி முடிவுல மைனஸ் 50. ஜூன் வந்தாதான் சைபர். அதாவது கணக்கு வருஷக் கடைசியில கரெக்டா டேலி ஆகும், ஆனா நடுவுல 50,000 ஆழத்துக்கு ஒரு பள்ளம் இருக்கு, அத தாண்ட ஆரம்பத்துலயே 50,000 கையில இருக்கணும். சராசரிங்கிற நம்பர் இந்தப் பள்ளத்த காட்டவே காட்டாது.

அதே கணக்க 22,000 வச்சுப் போட்டேன். ஜூலை மைனஸ் 8, ஆகஸ்ட் மைனஸ் 21, அவ்ளோதான் அடி. செப்டம்பர்ல மைனஸ் 2க்கு ஏறிடுது, மார்கழி சேர்ந்த ஜனவரியில கூட மைனஸ் 15தான். சம்பளத்துல 5,000 கொறைச்சா தேவைப்படுற உண்டியல் 50லேர்ந்து 21 ஆயிடுது பாருங்க! வருஷக் கடைசியில 60,000 மிச்சமும் நிக்குது, அது ஸ்கூல் பீஸ், தீபாவளி, கேமரா சர்வீஸ் இதுக்கெல்லாம் போயிடும், அதுக்குன்னு தனியா கடன் வாங்க வேண்டியதில்ல. அந்த ஆவணி சீசன்லேர்ந்து 22,000க்கு மாறினோம், முதல் ரெண்டு மாசம் வீட்ல சண்டைதான், பொய் சொல்ல மாட்டேன். கேபிள கட் பண்ணோம், நான் ஏலச்சீட்ட விட்டேன். சீட்டு தப்புன்னு சொல்லல, ஆனா ஆடியிலயும் அதே 3,000 கட்டச் சொல்லுவாங்க, நம்ம மாதிரி ஆளுங்களுக்கு அதுதான் இடிக்குது.

ரெண்டாவது அடி அட்வான்ஸ்ல வாங்கினேன். 2024 தையில உண்டியல்ல 78,000 காட்டுச்சு, ஆகா நாமளும் ஆளாயிட்டோம்னு ஒரு பழைய லென்ஸ் பார்த்து 30,000க்குப் பேசி முடிச்சுட்டேன். அந்த 78ல 35,000 வைகாசி கல்யாணங்களுக்கு வாங்குன அட்வான்ஸ், நான் இன்னும் ஒரு கிளிக் கூட அடிக்காத காசு. வைகாசியில ஆல்பம் பிரிண்டுக்குக் காசு இல்லாம லேப்காரர்கிட்ட தவணை சொல்லி நின்னேன். அதுலேர்ந்து நோட்ல அட்வான்ஸ் சிவப்புப் பேனாவுலதான், விசேஷம் முடிஞ்ச அன்னிக்குதான் அடிச்சுட்டு நீலத்துல எழுதுவேன், நீலம் மட்டும்தான் நம்ம பேலன்ஸ்.

இது எவ்ளோ ஒர்த்துன்னு ஃபெஞ்சல் புயல்ல தெரிஞ்சது. 2024 நவம்பர் 30 ராத்திரி பாண்டிச்சேரி பக்கம் கரை ஏறுச்சு, அடுத்து தென்பெண்ணை வெள்ளம் வேற. டிசம்பர் முதல் வாரத்துல இருந்த ரெண்டு ஆர்டர்ல ஒண்ணு தைக்கு தள்ளிப் போச்சு, இன்னொண்ணு கேன்சல், அந்த வீட்டுக்காரங்க வீட்டுக்குள்ளயே தண்ணி, அவங்ககிட்ட அட்வான்ஸ திருப்பித் தர மாட்டேன்னு எப்படி சொல்றது. 10,000 சிவப்புல அப்படியே இருந்துச்சு, மறுநாளே போட்டு விட்டுட்டேன். பழைய நானா இருந்தா அந்தக் காசு தீபாவளிக்கே போயிருக்கும்.

என் மச்சான் எலக்ட்ரீஷியன், தினக்கூலி, சனிக்கிழமை சம்பளம். அவருக்கு மாசக் கணக்கு ஒத்து வரல, வாரக் கணக்காத்தான் வச்சிருக்காரு. ஒரு நாளைக்கு 900, ஆறு நாள் வேலைன்னா 5,400, அதுல நாலு நாள் கூலி 3,600 மட்டும் வீட்டுக்கு, மிச்ச ரெண்டு நாள் கூலி போஸ்ட் ஆபீஸ் சேமிப்புக் கணக்குல. ஐப்பசி கார்த்திகை மழையில வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வேலைன்னா அங்கேர்ந்து எடுத்து நாலு நாளாக்கிக்கிறாரு. ஒரே கஷ்டம், சனிக்கிழமை கூலி கையில வர்றப்ப போஸ்ட் ஆபீஸ் மூடியிருக்கும், திங்கள் வரைக்கும் அந்த 1,800 பாக்கெட்ல இருக்கணும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் அது முழுசா போஸ்ட் ஆபீஸ் போய்ச் சேர்ந்துச்சு, அதனால இப்ப சனிக்கிழமையே எங்க அக்காகிட்ட குடுத்துடுறாரு.

குறைன்னு பார்த்தா இன்னும் இருக்கு. ஆல்பம் குடுக்கும்போது வர வேண்டிய கடைசி 10,000 எப்ப வரும்னு சொல்ல முடியாது, ஒரு பார்ட்டி குழந்தைக்குப் பேர் வைக்கிற விசேஷத்துக்குக் கூப்பிடும்போதுதான் பழைய பாக்கியக் குடுத்தாங்க. அதனாலதான் 21 போதும்னு கணக்கு சொன்னாலும் நான் ஆடி ஆரம்பத்துல 35 இருக்கணும்னு வச்சிருக்கேன். சம்பளத்த ஏத்துறது வருஷத்துக்கு ஒரு தடவை, ஜூன் முடிஞ்சு 12 மாசக் கணக்க புதுசா எழுதினப்புறம்தான். நல்ல மாசத்துல ஏத்தவே மாட்டோம். 2025 ஜூன் முடிவுல பள்ளம் போட்டுப் பார்த்து 24,000 ஆக்கினோம்.

2025 ஆடியில ஒரு காதுகுத்து தவிர ஆர்டர் இல்ல. ஆனா நீலத்துல 41,000 இருந்துச்சு. ஒண்ணாந்தேதி காலையில மெசேஜ் வந்ததும் "சம்பளம் வந்துடுச்சுங்க"ன்னு அவ அடுப்படியிலேர்ந்து சொன்னா, கம்மல் காதுலதான் இருந்துச்சு.