பட்ஜெட்டோடு கொள்முதல் திட்டம்: மூன்று வழிகள், ஒரு மழைக்காலக் கணக்கு

நகராட்சி பட்ஜெட்டில் ஒரு வரி இருக்கிறது: "ஜெட் ராடிங் வாகனங்கள் 4 எண்ணிக்கை, ரூ.2.12 கோடி." சாக்கடை அடைப்பை நீர் அழுத்தத்தால் நீக்கும் வண்டிகள் இவை. மார்ச்சில் மன்றம் ஒப்புதல் தருகிறது, ஏப்ரல் 1 முதல் பணம் கணக்கில் நிற்கிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வரும்போது வாகனங்கள் தெருவில் இருக்குமா என்பதை அந்த வரி சொல்லாது. அதைச் சொல்லத்தான் கொள்முதல் திட்டத்தைப் பட்ஜெட்டோடு இணைக்கிறார்கள். இணைப்பதில் மூன்று வழிகளைப் பார்த்திருக்கிறேன். மூன்றையும் இந்த ஒரே வரியில் ஓட்டிப் பார்க்கிறேன். நகராட்சி கற்பனை, விதி தமிழ்நாட்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, அதன் விதிகள் 2000.

முதல் வழி, பட்ஜெட்டில் தொகையை மட்டும் வைத்துவிட்டு, எப்போது, எந்த முறையில், யார் ஒப்புதலில் வாங்குவது என்பதைக் கோப்பு திறக்கும் நாளில் முடிவு செய்வது. இரண்டாவது, பட்ஜெட் அட்டவணையிலேயே காலாண்டு, கொள்முதல் முறை, ஒப்புதல் அதிகாரி என மூன்று பத்திகள் சேர்ப்பது. மூன்றாவது, பெரிய இனங்களுக்கு மட்டும் தனி இணைப்பு போட்டு, பொருள் தேவைப்படும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி ஒவ்வொரு கட்டத்துக்கும் தேதி குறிப்பது.

முதல் வழியைப் பலரும் சோம்பேறித்தனம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுதுபொருள், சிறு பழுதுபார்ப்பு, பிளீச்சிங் பவுடர் போன்றவற்றுக்கு அதுவே போதும். வாரம் பத்து நாள் தள்ளிப்போனாலும் யாருக்கும் நஷ்டமில்லை. சிக்கல் நம் வாகனம் போன்ற இனத்தில்தான். கோப்பு மே 1-ஆம் தேதி திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொறியாளர் தொழில்நுட்ப விவரக்குறிப்பும் ஆவணமும் தயாரிக்க 21 நாள். டெண்டர் அறிவிப்பிலிருந்து ஒப்பந்தப்புள்ளி தாக்கல் வரை 30 நாள். இரண்டு உறை முறையில் தொழில்நுட்ப உறையையும் விலை உறையையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து மதிப்பிட 21 நாள். மன்றக் கூட்டத்துக்கு வைத்து ஏற்பு பெற 30 நாள், ஏனென்றால் மன்றம் மாதம் ஒருமுறைதான் கூடுகிறது. முறையீட்டுக்குச் சட்டம் தரும் 10 நாளையும் உள்ளடக்கி, காப்புத்தொகை கட்டி ஒப்பந்தம் எழுத 14 நாள். கூட்டினால் 116. அதன்பிறகு சேசிஸ் வாங்கி, மேலே தொட்டியும் பம்பும் பொருத்திக் கொடுக்க நிறுவனங்கள் 120 நாள் கேட்கின்றன. மொத்தம் 236 நாள். மே 1-இல் தொடங்கியது டிசம்பர் 23-இல் முடிகிறது. மழையெல்லாம் பெரும்பாலும் பெய்து ஓய்ந்திருக்கும்.

இந்தக் கணக்கில் 30 நாள் என்று ஏன் போட்டேன் என்பது முக்கியம். விதிகளின்படி ரூ.2 கோடி வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேற்பட்டால் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். ஒரு வாகனம் ரூ.45 லட்சம், நான்குக்கு ரூ.1.80 கோடி. பொறியியல் பிரிவு இந்த எண்ணைத்தான் மனதில் வைத்திருக்கும், 15 நாளில் முடித்துவிடலாம் என்றும் நினைக்கும். 18 சதவீத ஜி.எஸ்.டி சேர்த்தால் ரூ.2.12 கோடி. அதாவது ஜி.எஸ்.டிக்கு முன்பு ரூ.2 கோடி வரம்பின் ஒரு பக்கம், பின்பு மறுபக்கம். பட்ஜெட்டில் வரியோடு எழுதிவிட்டு, திட்டத்தில் வரியில்லாத மதிப்பை வைத்து முறையைத் தேர்ந்தெடுப்பது நான் அடிக்கடி பார்த்த தவறு. இரண்டிலும் ஒரே எண் நிற்கிறதா என்று முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். அவகாசத்தைக் குறைக்கவும் வழி உண்டு: டெண்டர் கோரும் அதிகாரிக்கு மேலுள்ள அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதி தர வேண்டும். ஏப்ரலிலேயே தெரிந்த தேவைக்கு அவசரக் காரணம் எழுதுவது தணிக்கையில் நிற்காது.

இரண்டாவது வழி பார்க்க அழகாக இருக்கும். "ஜெட் ராடிங் வாகனம், முதல் காலாண்டு, திறந்த டெண்டர், மன்றம்." ஒரே பக்கத்தில் முழு ஆண்டும் தெரியும், மன்ற உறுப்பினர்களும் படித்துவிடுவார்கள். ஆனால் "முதல் காலாண்டு" என்றால் என்ன? டெண்டர் விடும் காலமா, ஆணை கொடுக்கும் காலமா, வாகனம் வந்து சேரும் காலமா, பணம் கொடுக்கும் காலமா? கணக்குப் பிரிவு பணம் வெளியேறும் காலாண்டாகப் படிக்கும். பொறியியல் பிரிவு டெண்டர் விடும் காலாண்டாகப் படிக்கும். சுகாதாரப் பிரிவு வாகனம் வரும் காலாண்டாகப் படித்து நம்பிக்கொண்டிருக்கும். ஜூன் இறுதியில் டெண்டர் அறிவிப்பு வந்தால் பொறியியல் பிரிவைப் பொறுத்தவரை திட்டம் சரியாக நடந்திருக்கிறது. அங்கிருந்து இன்னும் 215 நாள் இருக்கிறது என்பது அந்தப் பத்தியில் எங்கும் இல்லை.

"மன்றம்" என்ற ஒற்றைச் சொல்லிலும் அதே குழப்பம். ஒப்புதல் என்பது ஒன்றல்ல, மூன்று. வாங்கலாமா என்று சொல்வது நிர்வாக ஒப்புதல். இன்ன தரம், இன்ன மதிப்பீடு என்று சொல்வது தொழில்நுட்ப ஒப்புதல். இன்னாரிடம் இன்ன விலைக்கு என்று சொல்வது டெண்டர் ஏற்பு. ஒவ்வொன்றுக்கும் வரம்பு வேறு, கையெழுத்து வேறு. பட்ஜெட்டை ஏற்றுக்கொண்டதே நிர்வாக ஒப்புதல் என்று சிலர் எடுத்துக்கொண்டு, பின்னர் கோப்பு பாதியில் திரும்பி வரும். இரண்டாவது வழியைத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால், ஒப்புதல் பத்தியை மூன்றாகப் பிரித்து, காலாண்டுப் பத்தியின் தலைப்பை "ஆணை வழங்கும் மாதம்" என்று மாற்றிவிடுங்கள். பாதி வழி சரியாகிவிடும்.

வரம்பு தொடர்பாக இன்னொன்று. விலை மதிப்பீட்டை மிஞ்சி வரும் என்பதை இரண்டாவது வழி கணக்கில் கொள்வதே இல்லை. ரூ.2.12 கோடி மதிப்பீட்டுக்குக் குறைந்த விலையே ரூ.2.24 கோடி என்று வந்தால், மதிப்பீட்டை ஏற்ற அதிகாரியின் வரம்பைத் தாண்டிக் கோப்பு ஒரு படி மேலே போக வேண்டியிருக்கலாம். குறைந்த விலை கொடுத்தவரோடு மட்டும் விலையைக் குறைத்துப் பேசச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் பேச்சுக்கும் நாள் ஆகும். அதனால் நான் ஒப்புதல் படியைக் குறிக்கும்போது மதிப்பீட்டின் மீது பத்து சதவீதம் கூட்டிப் பார்ப்பேன். கூட்டிய தொகை வரம்பைத் தாண்டினால் மேல்படியையே எழுதிவிடுவேன். இறங்கி வந்தால் லாபம்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் சொல்வார்: "நான்கையும் ஒரே டெண்டராக ஏன் விட வேண்டும்? இரண்டிரண்டாகப் பிரித்தால் 2 கோடிக்குள் வந்துவிடுமே." வரும்தான். ஒரே விவரக்குறிப்பு, ஒரே மாதம், வரம்புக்குக் கீழே இரண்டு ஆணைகள்: உள்ளாட்சித் தணிக்கையாளர் தேடும் அடையாளம் இதுவேதான். பிரிப்பதற்கு நேர்மையான காரணமும் உண்டு. இரண்டு வாகனம் பெரிய தொட்டியோடும், இரண்டு குறுகலான சந்துகளுக்கான சிறிய வண்டியாகவும் இருந்தால், தயாரிப்பாளர்களே வேறு. அந்தக் காரணம் திட்டத்தில் ஏப்ரலுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். டெண்டர் நேரத்தில் உதித்த காரணம் காரணமாகாது.

இப்போது மூன்றாவது வழி. செப்டம்பர் 30-க்குள் நான்கு வாகனமும் தெருவில் வேண்டும் என்று எழுதி, பின்னோக்கி எண்ணுங்கள். 120 நாள் பின்னே போனால் ஜூன் 2-இல் ஆணை கையில் இருக்க வேண்டும். அதற்கு 116 நாள் பின்னே போனால் பிப்ரவரி 6. பட்ஜெட்டே இன்னும் மன்றத்துக்கு வராத தேதி அது! முதல் வழி இதை டிசம்பரில் சொல்லியிருக்கும், இரண்டாவது வழி சொல்லியிருக்கவே இருக்காது. மூன்றாவது வழி ஜனவரியில், பட்ஜெட் தயாரிக்கும்போதே சொல்லிவிடுகிறது. அதனால்தான் இந்த வழி மீது எனக்குச் சாய்வு.

ஜனவரியில் தெரிந்தால் செய்யக்கூடியவை இருக்கின்றன. விவரக்குறிப்பும் ஆவணமும் தயாரிக்கப் பணம் தேவையில்லை. அந்த 21 நாளை மார்ச்சுக்குள் முடித்துவிட்டு, ஏப்ரல் 1-இல் அறிவிப்பு வெளியிட்டால் 215 நாள் மிச்சம், நவம்பர் 2. போதாது. மன்றத்தின் மாதக் கூட்டத்துக்குக் காத்திருக்காமல் விலை உறை திறந்த வாரத்திலேயே அவசரக் கூட்டம் என்று முன்பே தேதி வைத்தால், 30 நாள் 7 ஆகிறது. அக்டோபர் 10. இன்னும் போதாதுதான், ஆனால் நெருங்கிவிட்டோம். இப்போது டெண்டர் நிபந்தனையையே மாற்றுங்கள்: முதல் இரண்டு வாகனம் 90 நாளில், மீதி இரண்டு 120 நாளில். முதல் இரண்டும் செப்டம்பர் 10-இல் வந்துவிடும். தாழ்வான வார்டுகளை அவை பார்த்துக்கொள்ளும். ஜனவரியில் ஒரு காகிதத்தில் செய்த இந்தக் கணக்கால், முதல் இரண்டு வாகனத்துக்கு டிசம்பர் 23 என்பது செப்டம்பர் 10 ஆகிறது.

மூன்றாவது வழியின் குறை, அது தேதிகளால் ஆனது. ஒரு தேதி நழுவினால் எல்லாம் நழுவும். தகுதியுள்ள ஒப்பந்தப்புள்ளியே வராமல் மறு டெண்டர் விட்டால் குறைந்தது இன்னொரு 30 நாள் போச்சு. தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்தால் அறிவிப்பே நிற்கும். எனவே ஒவ்வொரு இனத்துக்கும் இரண்டு வரிகள் போட வேண்டும்: திட்டமிட்ட தேதி, நடந்த தேதி. இரண்டாவது வரி காலியாகவே இருந்தால் அந்தத் திட்டம் வெறும் அலங்காரம். இதற்கு வேலை ஆகும், ஆள் வேண்டும். நூறு இனத்துக்கும் இதைச் செய்யச் சொன்னால் கணக்குப் பிரிவு ஓடிப்போய்விடும்.

என் தேர்வு, இரண்டும் மூன்றும் சேர்ந்த கலவை. தாமதமானால் பருவமோ பள்ளி திறப்போ போய்விடும் இனங்கள் ஐந்து, ஆறு இருக்கும். அவற்றுக்குப் பின்னோக்கிய அட்டவணை. டெண்டர் வரம்பைத் தாண்டும் மற்றவற்றுக்கு மூன்று ஒப்புதலும் ஆணை மாதமும் கொண்ட ஒரு வரி. மீதிக்குத் தொகை மட்டும். இயற்கைப் பேரிடருக்குச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு விலக்கு இருக்கிறதே, அவசரத்துக்கு அதில் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு: ஆண்டுதோறும் அக்டோபரில் வரும் மழை பேரிடர் அல்ல, பருவம்.

இன்னொரு பத்தியை மறக்க வேண்டாம்: வரம்பு எந்த அரசாணையின்படி, எந்தத் தேதியில் உள்ளது என்பது. வரம்புகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. கடந்த ஆண்டுத் திட்டத்தைப் படியெடுத்து ஆண்டை மட்டும் திருத்துகிற அலுவலகத்தில், பழைய வரம்பும் சேர்ந்தே படியாகிவிடுகிறது.