சுவிட்ச் போர்ட்டில் தெரியாத சாதனம்: மேக் முன்னெழுத்தா, டிஹெச்சிபி பதிவா, பிஓஇ அளவா?

ராயபுரத்தில் துறைமுக வேலை பார்க்கும் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகம். ரேக்கில் 24 போர்ட் சிஸ்கோ சுவிட்ச். லேபிள் ஒட்டாத 14-ஆம் போர்ட்டில் விளக்கு மினுக்குகிறது. அங்கே நெட்வொர்க் பார்க்கும் தம்பி போனில் கேட்டார்: "அண்ணா, இது யாருதுன்னே தெரியல. புடுங்கிடவா?" புடுங்காதே, முதலில் மேக் முகவரியைப் பார் என்றேன்.

```
show mac address-table interface gi1/0/14
 10   00e0.4c68.1a2f   DYNAMIC   Gi1/0/14
```

முதல் ஆறு எழுத்துகள் `00e04c`. ஐஇஇஇ அமைப்பின் பட்டியலில் இது ரியல்டெக் நிறுவனத்துடையது. ஆனால் ரியல்டெக் நெட்வொர்க் சிப் செய்கிற கம்பெனி. அந்தச் சிப் விலை குறைந்த யுஎஸ்பி லேன் அடாப்டரில் இருக்கலாம், சின்னக் கணினிப் பலகையில் இருக்கலாம், பெயர் தெரியாத ஏதோ ஒரு பெட்டியிலும் இருக்கலாம். TN 03 என்ற எண்ணைப் பார்த்தால் தண்டையார்பேட்டையில் பதிவான வண்டி என்று தெரியும், ஓட்டுகிறவர் யாரென்று தெரியாது. முன்னெழுத்தும் அந்த அளவுக்குத்தான்.

ஆனாலும் இந்த வழியைத்தான் முதலில் வைப்பேன். பத்து வினாடி வேலை, சாதனத்தைத் தொட வேண்டியதில்லை, ஐபி முகவரிகூடத் தேவையில்லை. `b827eb` என்றால் ராஸ்பெர்ரி பை, `000c29` என்றால் விஎம்வேர் மெய்நிகர் கணினி. இந்த மாதிரி முன்னெழுத்து வந்தால் பாதி வேலை முடிந்தது.

தேடும் முன் இரண்டாவது எழுத்தை மட்டும் கவனிக்க வேண்டும். அது 2, 6, a, e இவற்றில் ஒன்றாக இருந்தால் முகவரி கம்பெனி கொடுத்ததல்ல, சாதனமோ மென்பொருளோ தானாக வைத்துக்கொண்டது, பட்டியலில் கம்பெனியைத் தேடிப் பயனில்லை. இன்றைய கைபேசிகள் வைஃபையில் இப்படிப்பட்ட முகவரியைத்தான் காட்டுகின்றன. ஒரே போர்ட்டில் இப்படி ஐந்தாறு வந்தால், யாரோ மேசைக்கு அடியில் வைஃபை பெட்டி ஒன்றைச் சொருகியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். இன்னொன்று: தேடினால் கம்பெனி பெயருக்குப் பதில் `IEEE Registration Authority` என்று வந்தால், அந்த ஆறு எழுத்துத் தொகுதியைப் பல சிறு கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். அப்போது ஏழு எழுத்தோ ஒன்பது எழுத்தோ வைத்துத் தேட வேண்டும். `70b3d5` அப்படி ஒன்று.

அடுத்தது டிஹெச்சிபி பதிவு. ஐபி கேட்கும்போதே சாதனம் தன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறது. அந்த அலுவலகத்தில் ஐபி கொடுப்பது டிஎன்எஸ்மாஸ்க். `log-dhcp` போட்டிருந்ததால் இரண்டு வரி கிடைத்தது:

```
vendor class: MSFT 5.0
client provides name: LAPTOP-ACCTS2
```

`MSFT 5.0` என்றால் விண்டோஸ். பெயரோ கணக்குப் பிரிவைக் காட்டுகிறது. அதே மேக், முந்தைய நாள் பதிவில் வேறொரு லேப்டாப் பெயரோடு இருந்தது. ஆக, லேன் போர்ட் இல்லாத லேப்டாப்புகளுக்காக ஒரே யுஎஸ்பி அடாப்டரைக் கைமாற்றிக்கொண்டு இருக்கிறார்கள். முன்னெழுத்தை மட்டும் நம்பியிருந்தால் இது கடைசிவரை தெரிந்திருக்காது. இந்த மாதிரி இடத்தில் மேக் முகவரி அடாப்டரைத்தான் காட்டும், லேப்டாப்பைக் காட்டாது. மேக்கை வைத்து போர்ட் செக்யூரிட்டி போடுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

டிஹெச்சிபிக்கும் ஒரு ஓட்டை உண்டு. ஐபியைக் கையால் போட்ட சாதனம் அந்தப் பதிவிலேயே வராது. கேமரா, வருகைப்பதிவு மெஷின், பழைய பிரிண்டர் எல்லாம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அப்புறம், பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். முகவரியையும் மாற்றலாம் என்பதால், வேண்டுமென்றே ஒளிகிறவரை இரண்டும் பிடிக்காது.

மூன்றாவது, பிஓஇ அளவு. சுவிட்ச் மின்சாரமும் கொடுக்கிற ரகமாக இருந்தால் இது கைகொடுக்கும்.

```
show power inline gi1/0/14
```

சில வாட் இழுத்தால் கேமரா, ஐபி போன், வைஃபை பெட்டி என்று வட்டம் சுருங்கும். டிஹெச்சிபி கைவிட்ட கேமராவை இங்கே பிடிக்கலாம். இழுவை சுழி என்றால் லேப்டாப்போ பிரிண்டரோ, தனி அடாப்டரில் ஓடும் வேறெதுவோ. ராயபுரத்தில் சுழிதான் வந்தது, டிஹெச்சிபி சொன்னதோடு அது ஒத்துப்போனது.

என் வரிசை இதுதான்: முன்னெழுத்து, டிஹெச்சிபி, அதில் இல்லையென்றால் பிஓஇ. போர்ட்டை மூடிப் பார்ப்பது இதெல்லாம் கைவிட்ட பிறகுதான், அதுவும் வேலை நேரத்தில் வேண்டாம். அங்கே கன்டெய்னர் கேட்பாஸ் அடிக்கிற பிரிண்டரும் இதே சுவிட்சில்தான் இருக்கிறது. மேக் பட்டியல் காலியாக வந்தாலும் சாதனம் போய்விட்டதென்று முடிவு கட்ட வேண்டாம். சிஸ்கோ சுவிட்ச் வழக்கமாக 300 வினாடி சத்தமில்லாத முகவரியை அழித்துவிடும், தூங்கும் பிரிண்டர் அந்தக் கணக்கில் காணாமல் போகும். ஒரு பக்கம் பிரிண்ட் கொடுத்துவிட்டு மறுபடி பார்த்தால் வந்து நிற்கும்.