கூடுதல் நேரமா, கடிகாரத்தை நிறுத்தும் இடைவேளையா?

தேர்வுச் சலுகை கேட்டு மாற்றுத்திறனாளி மாணவர் உதவி அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பலரும் படிவத்தில் முதலில் டிக் செய்வது கூடுதல் நேரத்தைத்தான். அவர்களில் சிலருக்கு அதைவிட இடைவேளைதான் பொருந்தும். இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஆனால் தேர்வறையில் வேலை செய்யும் விதம் வேறு, கேட்கப்படும் ஆவணம் வேறு, அதைக் கையில் வாங்க ஆகும் காலமும் வேறு.

கூடுதல் நேரத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று மணி நேரத் தேர்வில் 25 சதவீதம் கூடுதல் என்றால், 180 நிமிடம் 225 ஆகிறது. படிப்பதோ எழுதுவதோ இயல்பிலேயே மெதுவாக நடப்பவர்களுக்கு, உதாரணமாக டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கும் பெரிதாக்கிப் பார்த்துப் படிக்கும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும், இதுதான் சரி. இடைவேளையிலோ கடிகாரம் நிற்கும், வினாத்தாளையும் மூடி வைத்துவிட வேண்டும். எழுதும் நேரம் 180 நிமிடத்தைத் தாண்டாது. டிஸ்லெக்சியா உள்ளவருக்கு இதனால் பெரிதாக எதுவும் கிடைக்காது. வலி, ஒற்றைத் தலைவலி, இடையில் சர்க்கரை அளவைப் பார்த்தாக வேண்டிய நிலை போன்றவற்றுக்கு இது பொருந்தும்.

விரல் மூட்டுகளில் முடக்குவாதம் உள்ள ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். அவர் 40 நிமிடம் எழுதுவார், அப்புறம் விரல்கள் இறுகிவிடும். சாதாரண நாளில் 10 நிமிட ஓய்வு போதும். கூடுதல் நேரம் வாங்கியிருந்தால், 225 நிமிடத்தில் நான்கு முறை ஓய்வெடுத்தும் 185 நிமிடம் எழுத முடிகிறது. ஓய்வின்போது வினாத்தாளும் திறந்தே இருப்பதால் விடையை யோசிக்கலாம். சாதாரண நாளுக்கு இதுவே மேல் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் வலி அதிகமான நாளில் ஓய்வு 20 நிமிடமாகிறது என்று வையுங்கள். அதே 225 நிமிடத்தில் எழுத 160 நிமிடம்தான் மிஞ்சும். மற்றவர்களைவிட 20 நிமிடம் குறைவு! இடைவேளை வாங்கியிருந்தால் 180 நிமிடமும் அப்படியே இருந்திருக்கும். அதனால் நாளுக்கு நாள் மாறும் நோய்களுக்கு இடைவேளையையே நான் சொல்வேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்: மொத்தம் எத்தனை நிமிடம் வரை இடைவேளை தருவார்கள்? வரம்பு 40 நிமிடம் என்றால், மோசமான நாளில் இரண்டு ஓய்வோடு அது தீர்ந்துவிடும்.

இணையவழித் தேர்வில் கதையே வேறு. மூடுல் போன்ற தளங்களில் வினாடி வினாவின் கடிகாரம் இடையில் நிற்பதில்லை. அங்கே இடைவேளையை நிமிடங்களாகக் கணக்கிட்டு ஆசிரியர்தான் உங்கள் பெயருக்கு நேரத்தைக் கூட்டி வைக்க வேண்டும். அனுமதிக் கடிதத்திலேயே இதையும் எழுதித்தரக் கேளுங்கள்.

சரி, ஆவணம். டிஸ்லெக்சியாவுக்காகக் கூடுதல் நேரம் கேட்டால், வாசிப்பு வேகம், எழுதும் வேகம் போன்றவற்றின் மதிப்பெண்களோடு உளவியலாளரின் மதிப்பீட்டு அறிக்கை வேண்டியிருக்கும். அதற்கு நேரம் கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகலாம். சிறு வயதில் எடுத்த பழைய அறிக்கையைச் சில இடங்களில் ஏற்பதில்லை. இடைவேளைக்குப் பெரும்பாலும் சிகிச்சை தரும் மருத்துவரின் கடிதமே போதும். ஆனால் "இவருக்கு முடக்குவாதம் உள்ளது, தேர்வில் தகுந்த உதவி செய்யவும்" என்று மட்டும் எழுதிய கடிதம் திரும்பி வந்துவிடும். நோயின் பெயரை வைத்து அலுவலகத்தால் நிமிடக் கணக்குப் போட முடியாது. "தொடர்ந்து 40 நிமிடத்துக்கு மேல் எழுத இயலாது. பிறகு 10 முதல் 20 நிமிடம் ஓய்வு தேவை. நோய் நீண்டகாலமானது, தீவிரம் மாறிக்கொண்டிருக்கும்" என்று இருந்தால் அவர்களுக்கு வேலை எளிது. மருத்துவரைப் பார்க்கும்போது அலுவலகத்தின் படிவத்தையும் கையோடு கொண்டுபோங்கள். வீட்டில் கடிகாரம் வைத்து ஒரு பழைய வினாத்தாளை எழுதிப்பார்த்து அந்த நிமிடங்களையும் குறித்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

நாள் கணக்கைத் தேர்வுத் தேதியிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். 15-ஆம் வாரத்தில் தேர்வு, தனி அறை கேட்கும் கடைசி நாள் 12-ஆம் வாரம் என்று வைப்போம். அலுவலகம் உங்களோடு பேசி முடிவெடுக்க மூன்று வாரம் விட்டால், 9-ஆம் வாரத்துக்குள் கடிதம் கையில் இருக்க வேண்டும். ஆக, 5 அல்லது 6-ஆம் வாரத்திலேயே மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். உளவியல் மதிப்பீடு என்றால் பருவம் தொடங்கும் முன்பே கிளம்ப வேண்டும்.

பலர் கோட்டைவிடும் இடம் இதற்குப் பிறகு வருகிறது. பல கல்லூரிகளில் பதிவு வேறு, முன்பதிவு வேறு. அனுமதிக் கடிதம் வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட்டு, ஒவ்வொரு தேர்வுக்கும் தனித்தனியே அறை கேட்க மறந்துபோகிறவர்கள் உண்டு. அப்போது தேர்வு நாளில் கண்காணிப்பாளரின் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது. பொதுவாக, எழுதி முடித்த தேர்வுக்குப் பின்தேதியிட்டுச் சலுகை தர மாட்டார்கள். ஆவணம் தாமதமானாலும் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். கையில் இருப்பதையும் மருத்துவரைப் பார்க்கப் போகும் தேதியையும் காட்டி, அந்தப் பருவத்துக்கு மட்டும் தற்காலிக அனுமதி கிடைக்குமா என்று கேட்டுப்பாருங்கள்.