மீதிக் கடன்: முன்னே பார்த்துக் கணக்கிடுவதா, பின்னே பார்த்தா?

கடன் 100000, மாத வட்டி 1%, 120 தவணை. 84-வது தவணையைக் கட்டிய கையோடு பாக்கி எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதற்காக 84 வரிசை அட்டவணை போட வேண்டியதில்லை, இரண்டு வழி இருக்கிறது.

இந்தக் கடனுக்குத் தவணை 1434.71 வருகிறது. முன்னோக்கு முறையில் இதுவரை நடந்ததை மறந்துவிடலாம். இனி வரப்போகும் 36 தவணைகளின் இன்றைய மதிப்புதான் பாக்கி.

```
1434.71 × (1 − 1.01^−36) / 0.01 ≈ 43195.5
```

(வெறுமனே 36-ஆல் பெருக்கினால் 51650 வரும். அதில் இனிமேல்தான் சேரப்போகும் வட்டியும் கலந்திருக்கிறது, அதனால் அது பாக்கி ஆகாது.)

பின்னோக்கு முறையில், வாங்கிய தொகை 84 மாதம் வட்டியோடு வளர்ந்திருந்தால் எவ்வளவோ, அதிலிருந்து கட்டிய தவணைகளும் அதே வட்டியில் வளர்ந்த மொத்தத்தைக் கழிக்க வேண்டும்.

```
100000 × 1.01^84 − 1434.71 × (1.01^84 − 1) / 0.01 ≈ 43195.5
```

இரண்டும் ஒரே விடைதான். அப்படியானால் சுருக்கமான முதல் முறையே போதுமே என்று தோன்றும், ஆனால் நிஜத்தில் தவணையை 1435 என்று முழு எண்ணாக்கிவிடுவார்கள், சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. 1435 போட்டுப் பார்த்தால் முன்னோக்கு 43204.27 என்கிறது, பின்னோக்கு 43157.56 என்கிறது. வித்தியாசம் 46.71.

சரியானது பின்னோக்கு விடை. மாதாமாதம் கொஞ்சம் கூடுதலாகக் கட்டியிருப்பதால் பாக்கி குறைந்திருக்கிறது, அதனால் கடைசித் தவணையும் 1435-ஐவிடச் சிறியதாக இருக்கும். முன்னோக்குச் சூத்திரத்துக்கு இது தெரியாது, 36 தவணையும் முழுசாக வரும் என்று நம்பிவிடுகிறது. அந்த 46.71-ஐ 36 மாதம் வளர்த்தால் 66.83, அதாவது கடைசித் தவணை 1368.17 மட்டுமே. 35 முழுத் தவணை, அப்புறம் இந்தச் சின்னத் தவணை என்று பிரித்து இன்றைய மதிப்பு எடுத்தால் முன்னோக்கு முறையும் 43157.56-க்கு வந்துவிடும்.

நடுவில் ஒரு தவணை தவறியிருந்தாலும் பின்னோக்குதான் வசதி. 50-வது தவணை கட்டவில்லை, அபராதமும் இல்லை என்றால், அந்தத் தவணையை 34 மாத வட்டியோடு பாக்கியில் சேர்த்தால் முடிந்தது.

வட்டி மாறிய கடனில் நிலைமை தலைகீழ். பின்னோக்கில் ஒவ்வொரு வட்டிக் காலத்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, ஒன்றின் பாக்கியை அடுத்ததன் தொடக்கமாக எடுத்துக்கொண்டு நகர வேண்டும். முன்னோக்குக்கு இன்றைய வட்டி, இன்றைய தவணை, மீதி எண்ணிக்கை மூன்றும் போதும். எவ்வளவு கடன் வாங்கினோம் என்பதே மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை. ஆனால் இங்கேயும் கடைசித் தவணையின் தொகை தெரிந்திருந்தால்தான் கடைசிக் காசு வரை சரியாக வரும்.